கையெழுத்துப் போடும் அதிகாரம் எங்கே எழுதியிருக்கிறது?

கிங்ஸ்டன் கம்ப்யூட்டர்ஸ் என்ற நிறுவனம், ஸ்டேட் பாங்க் ஆஃப் திருவிதாங்கூர் மீது ஒரு வழக்குத் தொடுத்தது. வழக்கு மனுவில் கையெழுத்திட்டவர், நான் நிறுவனத்தின் இயக்குநர், எனக்கு அதிகாரம் தரப்பட்டிருக்கிறது என்றார். அதற்கு ஆதாரமாக நிறுவனத்தின் தலைமைச் செயல் அதிகாரி கொடுத்த ஒரு கடிதத்தைக் காட்டினார். விசாரணை நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. டெல்லி உயர் நீதிமன்றம் ஏற்றது. 2011இல் உச்ச நீதிமன்றம் மறுபடியும் வழக்கைத் தள்ளுபடி செய்தது. அவர் இயக்குநராக நியமிக்கப்பட்டார் என்பதற்குச் சான்று இல்லை. வழக்குத் தொடுக்க இயக்குநர் குழு அவருக்கு அதிகாரம் கொடுத்ததற்கும் தீர்மானம் இல்லை. அப்படியானால் அந்தக் கடிதம்? இன்னொருவரை நியமித்து வழக்குப் போடச் சொல்லும் அதிகாரத்தைத் தலைமைச் செயல் அதிகாரிக்கே குழு எழுதித் தரவில்லை. ஆகவே அது வெறும் துண்டுக் காகிதம் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது.

கேட்டது பணமா, நியாயமா என்ற பேச்சுக்கே இடமில்லாமல் ஒரு வழக்கு முடிந்துபோனது. நிறுவனம் என்பது சட்டத்தின் கண்ணில் ஓர் ஆள்தான். ஆனால் அதற்குக் கையும் இல்லை, பேனாவும் இல்லை. யாரோ ஒரு மனிதர்தான் அதற்காகக் கையெழுத்துப் போட வேண்டும். அந்த மனிதருக்கு உரிமை எங்கிருந்து வந்தது என்று பின்னால் யாராவது கேட்டால், படிப்படியாகப் பின்னோக்கிப் போய் இயக்குநர் குழுவின் தீர்மானத்தில் நிற்க வேண்டும். இடையில் ஒரு படி இல்லாவிட்டாலும் சங்கிலி அறுந்துவிடும்.

இந்தச் சங்கிலியை எப்படி எழுதி வைப்பது என்பதை ஓர் எடுத்துக்காட்டை வைத்தே பார்ப்போம். கோவையில் பம்ப் உதிரிபாகம் செய்யும் ஒரு பிரைவேட் லிமிடெட் நிறுவனம் என்று கற்பனை செய்துகொள்வோம். மூன்று இயக்குநர்கள்: மேலாண்மை இயக்குநர், அவருடைய தம்பி, முதல் போட்ட வெளியார் ஒருவர். வங்கி அவர்களுக்கு இரண்டரைக் கோடி ரூபாய் கேஷ் கிரெடிட் தர ஒப்புக்கொண்டு, 2025 மே 28 தேதியிட்டு சாங்ஷன் கடிதம் அனுப்பியிருக்கிறது. இனி இயக்குநர் குழுத் தீர்மானத்தின் நகல் வேண்டும் என்கிறது வங்கி.

இந்த இடத்தில் பல நிறுவனங்களில் நடப்பது இதுதான். பழைய கோப்பிலிருந்து ஒரு தீர்மானத்தை எடுத்து, வங்கியின் பெயரை மட்டும் மாற்றுகிறார்கள். "நிறுவனத்தின் தொழில் தேவைக்காக வங்கியிடம் கடன் பெறவும், மேலாண்மை இயக்குநர் மற்றும் நிதி மேலாளர் தேவையான எல்லா ஆவணங்களிலும் கையெழுத்திடவும் ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது." பார்க்க ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஆனால் எவ்வளவு கடன்? சொல்லவில்லை. எந்தக் கடன்? கேஷ் கிரெடிட்டா, நாளைக்கு வாங்கப்போகும் இயந்திரக் கடனுமா? மேலாண்மை இயக்குநரும் நிதி மேலாளரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டுமா, யாராவது ஒருவர் போதுமா? நிதி மேலாளர் தன் உதவியாளரை அனுப்பலாமா? நிறுவனத்தின் சரக்கை அடமானமாகக் கொடுக்கும் அதிகாரமும் இதில் அடங்குமா? ஒருமனதாக என்று எழுதியிருக்கிறதே, மூன்றாவது இயக்குநர் உண்மையில் என்ன சொன்னார்?

தளர்வாக எழுதிய தீர்மானம் இரண்டு பக்கமும் வெட்டும். நிறுவனம் ஓர் உரிமையைக் கேட்டு நீதிமன்றம் போகும்போது, அதிகாரம் தெளிவாக இல்லை என்று எதிர்த் தரப்பு தடை எழுப்பும். நிறுவனத்தின் மீது பொறுப்பைச் சுமத்தும்போதோ, அதே தளர்வு எதிர்த் தரப்புக்கு உதவும். நிறுவனத்தோடு நல்லெண்ணத்தில் கொடுக்கல் வாங்கல் செய்யும் வெளியார், உள்ளே எல்லா நடைமுறையும் சரியாக நடந்திருக்கும் என்று நம்பிச் செயல்படலாம் என்பது 1856இல் இங்கிலாந்தில் டர்குவாண்ட் வழக்கில் பிறந்த கோட்பாடு. இந்திய நீதிமன்றங்களும் அதைப் பின்பற்றுகின்றன. சந்தேகப்படக் காரணம் இருந்தும் கண்ணை மூடிக்கொண்டவருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. ஆனால் "எல்லா ஆவணங்களிலும்" என்று நிறுவனமே எழுதிக் கொடுத்துவிட்டால், நிதி மேலாளர் அளவு மீறிக் கையெழுத்திட்டார் என்று பிறகு வங்கியிடம் வாதாடுவது கடினம்.

எழுதத் தொடங்கும் முன்பு, இந்த அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 179(3) பிரிவு சில முடிவுகளை இயக்குநர் குழு கூடித்தான் எடுக்க வேண்டும் என்கிறது. கடன் வாங்குவது அவற்றுள் ஒன்று. சட்டத்தில் சுற்றறிக்கைத் தீர்மானம் என்ற வழியும் உண்டு. 175ஆம் பிரிவின்படி வரைவை இயக்குநர்களுக்கு அனுப்பிப் பெரும்பான்மையோரின் ஒப்புதல் பெறலாம். ஆனால் 179(3)இல் அடங்கிய விஷயங்களுக்கு அந்த வழி திறந்திருக்கவில்லை. வாட்ஸ்அப் குழுவில் மூன்று பேரும் சம்மதம் என்று போட்டாலும் அது கூட்டம் ஆகாது. கடன் வாங்கும் அதிகாரத்தைக் குழு ஒரு மேலாண்மை இயக்குநருக்கோ குழுவின் துணைக்குழுவுக்கோ ஒப்படைக்கலாம்தான். ஆனால் அந்த ஒப்படைப்பும் கூட்டத்தில் நிறைவேறிய தீர்மானத்தின் மூலமே நடக்க வேண்டும். வங்கியோடு இந்த வசதியை ஏற்படுத்திக்கொள்வதற்குத்தான் இவ்வளவும். ஏற்பாடு முடிந்த பிறகு தினமும் அந்தக் கணக்கில் பணம் எடுப்பதற்கும் போடுவதற்கும் ஒவ்வொரு முறையும் குழு கூட வேண்டியதில்லை என்பதையும் சட்டமே விளக்கியிருக்கிறது.

அடுத்து நிறுவனத்தின் சங்க நடைமுறை விதிகளைத் திறக்க வேண்டும். பலர் ஆரம்பத்தில் அச்சடித்துப் பெட்டியில் வைத்த அந்தப் புத்தகத்தில், குறிப்பிட்ட தொகைக்கு மேல் கடன் வாங்கப் பங்குதாரர் ஒப்புதல் வேண்டும் என்றோ, முதலீட்டாளரின் சம்மதம் வேண்டும் என்றோ ஒரு வரி ஒளிந்திருக்கும். நம் எடுத்துக்காட்டு நிறுவனத்தில் வெளியிலிருந்து முதல் போட்டவர் இருக்கிறார்; அப்படி ஒரு வரி இருக்க வாய்ப்பு அதிகம். சட்டத்தின் 180ஆம் பிரிவும் உண்டு: செலுத்தப்பட்ட மூலதனம், கட்டற்ற இருப்புகள், பங்கு பிரீமியம் ஆகியவற்றின் கூட்டுத்தொகையைத் தாண்டிக் கடன் வாங்கினால் பங்குதாரர்களின் சிறப்புத் தீர்மானம் தேவை. பிரைவேட் நிறுவனங்களுக்கு 2015 ஜூனில் இதிலிருந்து விலக்குத் தரப்பட்டது. ஆனால் 2017இல் அந்த விலக்குக்கு ஒரு நிபந்தனை சேர்ந்தது: நிதிநிலை அறிக்கையையும் ஆண்டு அறிக்கையையும் பதிவாளரிடம் தாக்கல் செய்யத் தவறியிருக்கக் கூடாது. விலக்கு இருக்கிறது என்று மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு, போன வருஷத் தாக்கல் பாக்கி நிற்பதை மறந்துவிடுகிறவர்களை என்னால் நிறையக் காட்ட முடியும்.

இவ்வளவும் சரியாக இருந்தால், எடுத்துக்காட்டு நிறுவனத்தின் தீர்மானம் இப்படி வரலாம். நடைமுறையில் ஆங்கிலத்தில்தான் பெரும்பாலும் எழுதுகிறார்கள். பொருள் விளங்கத் தமிழில் தருகிறேன்.

"2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 179(3)(டி) பிரிவின்படியும் நிறுவனத்தின் சங்க நடைமுறை விதிகளின்படியும், கூட்டத்தில் வைக்கப்பட்டு அடையாளத்துக்காகத் தலைவரால் சுருக்கொப்பமிடப்பட்ட, வங்கியின் 28.05.2025 தேதியிட்ட சாங்ஷன் கடிதத்தின் நிபந்தனைகளுக்கு உட்பட்டு, நடைமுறை மூலதனத் தேவைக்காக ரூ. 2,50,00,000 (ரூபாய் இரண்டு கோடியே ஐம்பது லட்சம்) வரம்புக்கு மிகாமல் கேஷ் கிரெடிட் வசதி பெறுவதற்கும், அதற்கு ஈடாக நிறுவனத்தின் இருப்புச் சரக்கையும் வர வேண்டிய பாக்கிகளையும் ஹைப்பாத்திகேஷனாகத் தருவதற்கும் குழு இதன்மூலம் ஒப்புதல் அளிக்கிறது.

மேலும், மேலாண்மை இயக்குநரும் நிதி மேலாளரும், தத்தம் பதவியில் இருக்கும் வரை, இருவரும் கூட்டாக, மேற்படி வசதிக்கான கடன் ஒப்பந்தத்திலும் ஹைப்பாத்திகேஷன் ஒப்பந்தத்திலும் கையெழுத்திடுவதற்கும், வரம்பையோ வட்டி வீதத்தையோ ஈட்டையோ கூட்டாத சிறு திருத்தங்களை ஏற்பதற்கும் அதிகாரம் பெறுகிறார்கள். இந்த அதிகாரத்தை அவர்கள் வேறொருவருக்கு மாற்றித் தரலாகாது."

உண்மையான தீர்மானத்தில் வங்கியின் பெயர், கிளை, கடித எண், அதிகாரம் பெறுபவர்களின் பெயர் எல்லாம் இருக்க வேண்டும். பெயர், பதவி இரண்டையும் எழுதுவது நல்லது. பெயர் மட்டும் இருந்தால், அவர் வேலையை விட்டுப் போன பிறகும் அதிகாரம் தொங்கிக்கொண்டிருப்பதாக ஒருவர் வாதாட இடம் இருக்கும். பதவி மட்டும் இருந்தால், அந்தத் தேதியில் அந்தப் பதவியில் யார் இருந்தார் என்பதற்குத் தனிச் சான்று தேட வேண்டியிருக்கும். "கூட்டாக" என்ற சொல்லை நான் எங்கேயும் விட்டுவிட மாட்டேன். "இவரும் அவரும்" என்று மட்டும் எழுதினால் ஆளுக்கு ஒரு பக்கம் இழுப்பார்கள். கடைசி வாக்கியம் கிங்ஸ்டன் வழக்கு சொல்லித் தரும் பாடம். உதவியாளரை அனுப்ப வேண்டிய தேவை உண்மையிலேயே இருந்தால், மாற்றித் தரலாம் என்றும், யாருக்கு, எந்த வேலைக்கு என்றும் அங்கேயே எழுதிவிட வேண்டும். மௌனமாக விட்டால், மாற்றித் தந்த கடிதம் துண்டுக் காகிதமாகும் அபாயம் உண்டு.

கணக்கை அன்றாடம் இயக்குவதை இதோடு கலக்கக் கூடாது. காசோலையில் ஐந்து லட்சம் வரை ஒருவர், அதற்கு மேல் இருவர் என்ற ஏற்பாடு தனித் தீர்மானமாக இருக்கட்டும். சரக்கின் மேல் உண்டாகும் பொறுப்பை முப்பது நாளுக்குள் நிறுவனப் பதிவாளரிடம் பதிவு செய்ய வேண்டும். அந்தப் படிவத்தில் கையெழுத்திட யாருக்கு அதிகாரம் என்பதையும் ஒரு வரியில் சேர்த்துவிடலாம்.

தீர்மானம் சொல்வது என்ன முடிவு எடுத்தார்கள் என்பதை. அந்த முடிவை எடுக்க அந்தக் கூட்டத்துக்குத் தகுதி இருந்ததா என்பதைச் சொல்ல வேண்டியது மினிட்ஸ், அதாவது நடவடிக்கைக் குறிப்பு. இந்த இரண்டாவது வேலையைத்தான் பெரும்பாலான குறிப்புகள் செய்வதில்லை. கூட்டம் ஜூன் 12ஆம் தேதி என்று வைத்துக்கொண்டால், குறைந்தது ஏழு நாள் முன்பு எல்லா இயக்குநர்களுக்கும் எழுத்து மூலம் அறிவிப்புப் போயிருக்க வேண்டும். ஜூன் 3 அன்று அனுப்பினார்கள் என்பது குறிப்பில் இருக்கட்டும். தொடங்கிய நேரம், இடம், வந்தவர்கள், வீடியோ வழியாகக் கலந்துகொண்டவர்கள், தலைமை வகித்தவர். கோரம் என்னும் குறைந்தபட்ச வருகை, மொத்த இயக்குநர்களில் மூன்றில் ஒரு பங்கு அல்லது இரண்டு பேர், எது அதிகமோ அது. மூன்று பேர் உள்ள குழுவுக்கு இரண்டு பேர் வேண்டும். இந்தப் பொருளில் யாருக்காவது சொந்த அக்கறை உண்டா, அதை அவர் வெளிப்படுத்தினாரா என்பதும் வேண்டும்.

பிறகு அந்தப் பொருளுக்கான குறிப்பு. கற்பனைக் கூட்டத்தில் வெளியார் இயக்குநர், ஒன்றரைக் கோடி போதும் என்று எதிர்த்தார் என்று வைத்துக்கொள்வோம். குறிப்பு இப்படிப் போகும்:

"பொருள் 5. வங்கியின் சாங்ஷன் கடிதம் கூட்டத்தில் வைக்கப்பட்டது. மூலப்பொருள் விற்பவர்கள் தரும் தவணை 60 நாளிலிருந்து 30 நாளாகக் குறைந்ததால் கூடுதல் நடைமுறை மூலதனம் தேவைப்படுவதாக நிதி மேலாளர் விளக்கினார். வரம்பு ஒன்றரைக் கோடியே போதுமானது என்றும், கூடுதல் வட்டிச் சுமை தேவையற்றது என்றும் மூன்றாவது இயக்குநர் கருத்துத் தெரிவித்தார். விவாதத்துக்குப் பின், மேலாண்மை இயக்குநரும் இரண்டாவது இயக்குநரும் ஆதரிக்க, மூன்றாவது இயக்குநர் எதிர்க்க, கீழ்க்காணும் தீர்மானம் பெரும்பான்மையால் நிறைவேறியது."

நடந்ததைச் சொல்லும் பகுதி இறந்தகாலத்தில், படர்க்கையில், தீர்மானம் நிகழ்காலத்தில். இந்திய கம்பெனி செயலாளர்கள் கழகத்தின் செயலக நெறி ஒன்று இதையே எதிர்பார்க்கிறது. சட்டத்தின் 118ஆம் பிரிவு அந்த நெறிகளைப் பின்பற்றச் சொல்கிறது. எதிர்த்தவரின் பெயரைப் பதிய வேண்டும் என்பது சட்டமே சொல்வது. இதைச் சில குடும்ப நிறுவனங்களில் அவமரியாதையாக எடுத்துக்கொண்டு, "ஒருமனதாக" என்று எழுதிவிடுகிறார்கள். எதிர்த்தவருக்கு அது பெரிய அநியாயம். நாளைக்குக் கடன் கெட்டு, யார் யார் இந்த முடிவுக்குப் பொறுப்பு என்ற கேள்வி வரும்போது, அவர் கையில் இருக்கும் ஒரே ஆதாரம் அந்த ஒரு வரிதான். அதே நேரம், யார் குரலை உயர்த்தினார், யார் என்ன குத்திப் பேசினார் என்பது தேவையில்லை. நியாயமான, சரியான சுருக்கம் போதும். அவதூறானதையும் பொருளுக்கு ஒட்டாததையும் விட்டுவிடத் தலைவருக்குச் சட்டம் உரிமை தந்திருக்கிறது. ஆனால் முடிவுக்கான காரணத்தை விடக் கூடாது. மேலே உள்ள 60 நாள், 30 நாள் என்ற வரி ஐந்து வருஷம் கழித்து ஒரு தணிக்கையாளருக்கு, இந்தக் கடன் ஏன் என்பதை ஒரே பார்வையில் சொல்லிவிடும்.

எல்லாவற்றையும்விட அதிகமாக நேரும் கோளாறு, வங்கி தரும் படிவத்தில் இருக்கிறது. கூட்டம் முடிந்த பிறகு வங்கி தன் சொந்த வாசகத்தில் அச்சடித்த தீர்மானப் படிவத்தை நீட்டும். ஆவணம் முடிய வேண்டிய அவசரத்தில், அதை லெட்டர்ஹெட்டில் அடித்து, "உண்மை நகல் எனச் சான்றளிக்கப்படுகிறது" என்று ஓர் இயக்குநர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுவார். இப்போது ஒரே கூட்டத்துக்கு இரண்டு வாசகங்கள். புத்தகத்தில் கூட்டாக என்று இருக்கும். வங்கியிடம் உள்ளதில் யாரேனும் ஒருவர் என்று இருக்கும். இல்லாத மூலத்துக்கு உண்மை நகல் என்று சான்று கொடுத்தவர் தனியாக மாட்டிக்கொள்வார். இதற்கு வழி எளியது: சாங்ஷன் கடிதம் வந்த அன்றே படிவத்தைக் கேட்டு வாங்கி, ஏற்க முடியாத வாசகத்தைப் பேசித் திருத்தி, திருத்திய வாசகத்தையே குழுவின் முன் வைப்பது. வாசகம் கூட்டத்தில் வைக்கப்பட்டிருந்தால், மினிட்ஸ் கையெழுத்தாகும் முன்பே தீர்மானத்தின் சான்றிட்ட நகலைத் தரச் செயலக நெறி அனுமதிக்கிறது. ஆகவே அவசரம் என்பது ஒரு காரணமே அல்ல.

மினிட்ஸுக்கு நாள் கணக்கு உண்டு. கூட்டம் முடிந்த பதினைந்து நாளுக்குள், நம் கணக்கில் ஜூன் 27க்குள், வரைவை இயக்குநர்களுக்கு அனுப்ப வேண்டும். அவர்கள் கருத்துச் சொல்ல ஏழு நாள். முப்பது நாளுக்குள், அதாவது ஜூலை 12க்குள், புத்தகத்தில் ஏறிவிட வேண்டும். பக்கங்களுக்குத் தொடர் எண். எதையும் ஒட்டி வைக்கக் கூடாது. ஒவ்வொரு பக்கத்திலும் சுருக்கொப்பம், கடைசிப் பக்கத்தில் தேதியோடு கையெழுத்து. கையெழுத்திட வேண்டியவர் அந்தக் கூட்டத்தின் தலைவர் அல்லது அடுத்த கூட்டத்தின் தலைவர். இப்படி முறையாக வைத்த மினிட்ஸ், அதில் பதிவான நடவடிக்கைகளுக்குச் சான்றாகும். வேறு விதமாக நிரூபிக்கும் வரை கூட்டம் முறையாகக் கூட்டப்பட்டது, நடந்தது என்றே எடுத்துக்கொள்ளப்படும். இந்த ஊகம் நிறுவனத்துக்குக் கிடைக்கும் பெரிய பலம்.

அந்தப் பலத்தைத் தானே கெடுத்துக்கொள்ளும் வழி, வருஷக் கடைசியில் உட்கார்ந்து எல்லாக் கூட்டங்களையும் ஒரேயடியாக எழுதுவது. அதைக் கண்டுபிடிக்கப் பெரிய நிபுணர் வேண்டாம். ஜூன் 12 தீர்மானம், ஜூன் 14 தேதியிட்ட கடிதத்தைக் குறிப்பிட்டிருக்கும். நேரில் வந்ததாகச் சொல்லும் இயக்குநரின் பாஸ்போர்ட்டில் அன்றைக்கு வெளிநாட்டு முத்திரை இருக்கும். மார்ச்சில் சேர்ந்தவருக்கு ஜனவரிக் கூட்டத்தில் பதவிப்பெயர் போட்டிருக்கும். நான்கு கூட்டத்துக்கும் ஒரே மை, ஒரே கையசைவு. அறிவிப்பு அனுப்பிய மின்னஞ்சல் ஒன்றுகூட இருக்காது. தேதி முன்னும் பின்னும் ஆனதை நீதிமன்றம் மன்னித்தாலும், மினிட்ஸில் கைவைப்பது குற்றம்: இரண்டு ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் முதல் ஒரு லட்சம் வரை அபராதம் என்று 118ஆம் பிரிவு சொல்கிறது.

புத்தகத்தில் ஏறிய பிறகு தவறு தெரிந்தால்? வெள்ளை மை பூசுவதும் பக்கத்தை மாற்றுவதும் ஆகாது. அடுத்த கூட்டத்தில் குழு வெளிப்படையாக ஒப்புதல் தந்து, எந்த நாள் கூட்டத்தின் எந்தப் பொருளில் எந்த வாசகம் எப்படித் திருந்துகிறது என்று எழுத வேண்டும். அதிகாரம் இல்லாமல் ஒருவர் செய்துவிட்ட செயலையும் குழு பின்னேற்பு செய்யலாம். 1996இல் யுனைடெட் பாங்க் ஆஃப் இந்தியா தொடர்ந்த ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம், நிறுவனத்தின் சார்பில் கையெழுத்தான மனுவை நிறுவனம் பின்னேற்பு செய்யலாம், அது வெளிப்படையாகவும் இருக்கலாம், நடத்தையிலிருந்து ஊகிக்கக்கூடியதாகவும் இருக்கலாம் என்றது. நடைமுறைக் குறைக்காக நியாயமான கோரிக்கை தோற்கக் கூடாது என்றும் சொன்னது. 1996ஐ நம்பி இருப்பவர்கள் 2011ஐயும் படிக்க வேண்டும். பின்னேற்புக்கும் ஓர் எல்லை உண்டு. குழு தானே செய்ய முடியாததை, உதாரணமாகப் பங்குதாரர் ஒப்புதல் தேவைப்பட்ட கடனை, குழுவின் பின்னேற்பு காப்பாற்றாது. பின்னேற்புத் தீர்மானத்துக்கு அது நிறைவேறும் நாளின் தேதிதான். நடந்த செயலின் தேதியை உள்ளே குறிப்பிட வேண்டும்.

இன்னொன்றைச் சொல்லியாக வேண்டும். எடுத்துக்காட்டில் வரும் நிதி மேலாளர் அடுத்த பிப்ரவரியில் வேலையை விடுகிறார் என்றால், தீர்மானத்தில் "பதவியில் இருக்கும் வரை" என்று எழுதியிருந்தாலும் வங்கிக்கு அது தானாகத் தெரியாது. வங்கிப் படிவங்களில், எழுத்து மூலமான ரத்து அறிவிப்பு வந்து சேரும் வரை பழைய அதிகாரத்தை நம்பிச் செயல்படுவோம் என்ற வாசகம் வழக்கமாக இருக்கும். ஆகவே அவர் போகும் முன்பு குழு கூடி, 12.06.2025 தீர்மானத்தில் அவருக்குத் தந்த அதிகாரத்தை எந்த நாளிலிருந்து விலக்குகிறது, யாரை அந்த இடத்தில் வைக்கிறது என்று எழுத வேண்டும். அந்தத் தீர்மானத்தின் சான்றிட்ட நகலைக் கிளையில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குத் தேதியோடு முத்திரை வாங்கி, பழைய தீர்மானம் இருக்கும் அதே கோப்பில் வைக்க வேண்டும்.